பாயர்-மூர் வோட்டிங்: ஒரு லூப் போதுமா, ரெண்டாவது லூப் எதுக்கு? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இன்டர்வியூவுக்கு படிக்கிற ஜூனியர் பசங்களோட உட்கார்ந்து கோட் பாக்கும்போது அரேல மெஜாரிட்டி எலிமென்டை கண்டுபிடிக்கிற இந்த ஒரு அல்காரிதத்துல மட்டும் திரும்ப திரும்ப அதே சந்தேகங்கள் வருது. அவங்க கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, சொன்ன பதில்களை கொஞ்சம் ஒழுங்குபடுத்தி கீழ போட்டிருக்கேன்.

மெஜாரிட்டி எலிமென்ட்னா அதிக தடவை வர்ற நம்பர் தானே?

இல்ல, பாதி குழப்பம் இங்கதான் ஆரம்பிக்குது. அரேல n எலிமென்ட் இருந்தா n/2-க்கு *மேல* வர்றது மட்டும்தான் மெஜாரிட்டி. சரியா பாதி வந்தா கூட கணக்குல வராது. 4 4 6 6 எடுத்துக்கோங்க, 4-உம் ரெண்டு தடவை, 6-உம் ரெண்டு தடவை, மெஜாரிட்டி யாருமே இல்ல.

அதனால ஒரு அரேல மெஜாரிட்டி ஒண்ணே ஒண்ணு இருக்கலாம், இல்லன்னா இல்லாமலே போகலாம், ரெண்டு இருக்க வழியே இல்ல. அந்த "இல்லாமலே போகலாம்"ங்கறதை மனசுல வெச்சுக்கோங்க, கீழ வர்ற முக்கால்வாசி கேள்விக்கு பதில் அதுலதான் இருக்கு.

இது அந்த ஸ்ட்ரிங் தேடுற பாயர்-மூர் தானா?

ஆளுங்க அதே ஆளுங்க, ராபர்ட் பாயரும் ஜே ஸ்ட்ராதர் மூரும். அல்காரிதம் வேற. ஸ்ட்ரிங் தேடுறது 1977-ல வந்தது, இந்த ஓட்டு எண்ணுறதை 1980-ல கண்டுபிடிச்சாங்க, பேப்பர் அச்சுல வந்தது 1991-லதான். தேடும்போது கூடவே "மெஜாரிட்டி வோட்"னு சேத்து தேடுங்க.

கோட் பாத்தா புரியுது, ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு புரியல, ஒரு தடவை கையால போட்டு காட்டுங்க

கையில ரெண்டே விஷயம் வெச்சுக்கறோம், இப்போதைக்கு ஜெயிச்சிட்டு இருக்கிற கேண்டிடேட், அதுக்கு ஒரு கவுண்ட். புது எலிமென்ட் வரும்போது கவுண்ட் 0-வா இருந்தா அந்த எலிமென்டையே கேண்டிடேட் ஆக்கி கவுண்ட் 1, கேண்டிடேட்டும் அதுவும் ஒண்ணா இருந்தா ஒண்ணு கூட்டு, வேறயா இருந்தா ஒண்ணு கழி. அவ்வளவுதான்.

7 3 7 7 5 7 3-ஐ ஓட்டிப் பாப்போம். முதல் 7 வந்ததும் கேண்டிடேட் 7, கவுண்ட் 1. 3 வருது, வேற நம்பர், கவுண்ட் 0. அடுத்த 7 வரும்போது கவுண்ட் 0-வா இருக்கிறதால 7-ஏ மறுபடி கேண்டிடேட், கவுண்ட் 1. இன்னொரு 7, கவுண்ட் 2. 5 வந்து 1 ஆக்குது, 7 வந்து 2 ஆக்குது, கடைசி 3 வந்து 1 ஆக்குது. முடிவுல கேண்டிடேட் 7, கவுண்ட் 1. நிஜமாவே 7 எலிமென்ட்ல 4 தடவை 7 இருக்கு, அதனால மெஜாரிட்டி.

```python
def majority(a):
    cand, count = None, 0
    for x in a:
        if count == 0:
            cand, count = x, 1
        elif x == cand:
            count += 1
        else:
            count -= 1
    if a.count(cand) > len(a) // 2:
        return cand
    return None
```

முடிவுல இருக்கிற கவுண்ட் 1, ஆனா 7 வந்தது 4 தடவைங்கறதை கவனிங்க. கவுண்ட்ங்கற பேரை பாத்துட்டு அது "எத்தனை தடவை வந்துச்சு"ங்கற கணக்குனு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, அது மீதி மட்டும்தான்.

ஹேஷ் மேப்ல எண்ணினா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுமே, இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?

மெமரி போதுமானதா இருந்தா தாராளமா ஹேஷ் மேப் போடுங்க, அதுல தப்பே இல்ல. வேற வேற வேல்யூ எத்தனை இருக்கோ அத்தனை என்ட்ரி அதுக்கு வேணும், இங்க எவ்வளவு பெரிய டேட்டாவா இருந்தாலும் ரெண்டே வேரியபிள். ஹேஷ் பண்ண முடியாத, "ரெண்டும் ஒண்ணா இல்லையா"னு மட்டும் கேக்க முடியுற பொருளா இருந்தாலும் இது ஓடும்.

சில பேர் சார்ட் பண்ணி நடுவுல இருக்கிறதை எடுத்தா போதும்பாங்க. மெஜாரிட்டி இருந்தா அது கண்டிப்பா நடு இடத்துல நிக்கும், அது சரிதான். ஆனா மெஜாரிட்டி இல்லாதப்பவும் நடுவுல *ஏதோ ஒண்ணு* நிக்கத்தான் செய்யும், அதனால அங்கயும் எண்ணிப் பாத்தாகணும்.

நடுவுல கவுண்ட் 0 ஆகி என் மெஜாரிட்டி நம்பரை தூக்கி போட்டுடுதே, அது தொலைஞ்சு போயிடாதா?

தொலையாது, ஏன்னு தெரிஞ்சுகிட்டா மீதி எல்லாமே தானா வந்துடும், அதனால இதை மட்டும் நிதானமா படிங்க. கவுண்ட் ஒண்ணு குறையற ஒவ்வொரு தடவையும் நிஜத்துல நடக்குறது என்னன்னா ரெண்டு வேற வேற நம்பர் ஜோடியா வெளிய போகுது, ஒண்ணு கேண்டிடேட்டோட ஒரு காப்பி, இன்னொண்ணு இப்ப வந்த நம்பர். ஒரு ஜோடிக்குள்ள ஒரே நம்பர் ரெண்டு தடவை இருக்கவே முடியாது.

மேல 7-ஐ வெச்சு பாத்தோமே, அதுல முதல் 7-உம் 3-உம் ஒரு ஜோடி, அப்புறம் ஒரு 7-உம் 5-உம் ஒரு ஜோடி, இன்னொரு 7-உம் கடைசி 3-உம் ஒரு ஜோடி. மூணு ஜோடி போக ஒரே ஒரு 7 மிச்சம். ஒவ்வொரு ஜோடியிலயும் அதிகபட்சம் ஒரு 7 தான் போக முடியும், கூடவே 7 இல்லாத ஒண்ணையும் இழுத்துட்டு போகும். 7 பாதிக்கு மேல இருக்கிறதால எல்லா 7-ஐயும் வெளிய அனுப்புற அளவுக்கு எதிராளியே கிடையாது. அப்போ கடைசில மிச்சம் நிக்கிறதுல 7 இருந்தே ஆகணும், மிச்சம் நிக்கிறது எல்லாம் ஒரே நம்பரா, அதாவது கேண்டிடேட்டா மட்டும்தான் இருக்கும், அதனால கேண்டிடேட் 7.

நடுவுல தற்காலிகமா வேற ஒருத்தர் கேண்டிடேட் ஆனாலும் பரவாயில்ல. மெஜாரிட்டி அல்லாத நம்பர்கள் தங்களுக்குள்ளயே அடிச்சுக்கிட்டு ஜோடியா போனா அது மெஜாரிட்டிக்கு லாபம்தான்.

லீட்கோட்ல ஒரே லூப் போட்டு சப்மிட் பண்ணேன், எல்லா டெஸ்ட் கேஸும் பாஸ், அப்புறம் ஏன் எல்லாரும் ரெண்டாவது லூப் போடறாங்க?

லீட்கோட் 169-வது ப்ராப்ளத்தோட கேள்வியை திரும்ப படிங்க, மெஜாரிட்டி எலிமென்ட் எப்பவும் இருக்கும்னு வெச்சுக்கலாம்னு அதுலயே எழுதியிருக்கும். அந்த ஒரு வரிதான் உங்களோட ரெண்டாவது லூப்போட வேலையை செஞ்சிருக்கு. முந்தின பதில்ல சொன்ன ஆர்க்யுமென்டும் "7 பாதிக்கு மேல இருக்கிறதால"ங்கற இடத்துலதான் நிக்குது, அந்த வார்த்தையை எடுத்துட்டா ஒண்ணும் மிஞ்சாது.

இப்ப 1 1 2 2 3 ஓட்டுங்க. 1 வந்து கவுண்ட் 1, இன்னொரு 1 வந்து 2, 2 வந்து 1, அடுத்த 2 வந்து 0, கடைசில 3 வருது, கவுண்ட் 0-வா இருக்கு, அதனால கேண்டிடேட் 3, கவுண்ட் 1. ஒரே லூப்போட நிறுத்தினா உங்க ப்ரோக்ராம் 3-னு தைரியமா பதில் சொல்லும், எந்த எர்ரரும் வராது, எந்த எக்ஸெப்ஷனும் வராது. தப்பான பதில் சரியான பதில் மாதிரியே வெளிய வர்றதுதான் இதுல இருக்கிற ஆபத்து.

முதல் லூப் சொல்றது "மெஜாரிட்டினு ஒண்ணு *இருந்தா* அது இதுதான்"ங்கறது மட்டும். இருக்கா இல்லையாங்கறதை ரெண்டாவது லூப், அதாவது மேல கோட்ல இருக்கிற `a.count(cand)`, கேண்டிடேட்டை மட்டும் எண்ணி சொல்லுது.

சரி மெஜாரிட்டி இல்ல, ஆனா கேண்டிடேட்டா வந்தது அட்லீஸ்ட் அதிக தடவை வந்ததா இருக்கும்ல?

அதுவும் இல்ல. மேல பாத்த 1 1 2 2 3-லயே பதிலா வந்த 3 தான் *கம்மியா* வந்தது, ஒரே தடவை, மத்த ரெண்டும் ரெண்டு ரெண்டு தடவை. அதே நம்பர்களை 3 1 2 2 1-னு வரிசை மாத்தி ஓட்டினா 3-உம் 1-உம் அடிச்சுக்கும், அப்புறம் 2 ரெண்டு தடவை ஏறி கடைசி 1-ஆல ஒண்ணு குறைஞ்சு கேண்டிடேட் 2-னு முடியும்.

மெஜாரிட்டி இல்லாதப்போ யார் கேண்டிடேட்ங்கறது வரிசையைப் பொறுத்தது, அதுல எந்த அர்த்தமும் தேடாதீங்க. அதிகமா வந்தது எதுன்னு தெரியணும்னா அது வேற ப்ராப்ளம், அதுக்கு ஹேஷ் மேப் பக்கம் போங்க.

கடைசில கவுண்ட் பெருசா நின்னா நம்பலாம்ல?

எவ்வளவு பெருசுங்கறதைப் பொறுத்தது. கடைசி கவுண்ட் c-னு வைங்க. மிச்சம் நிக்கிற c காப்பியும் கேண்டிடேட்தான், அதனால அது குறைஞ்சது c தடவை வந்திருக்கு. மீதி n−c எலிமென்டும் ஜோடியா போனது, ஒரு ஜோடிக்கு அதிகபட்சம் ஒரு கேண்டிடேட், அதனால மொத்தமா (n+c)/2-ஐ தாண்டி வந்திருக்க முடியாது. நிஜ எண்ணிக்கை இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க வேணும்னாலும் இருக்கலாம்.

1 2 3 4 5 6 9 9 9 எடுத்துக்கோங்க. முதல் ஆறும் ரெண்டு ரெண்டா போயிடும், கடைசில கேண்டிடேட் 9, கவுண்ட் 3. அடுத்து 9 9 9 9 9 9 1 2 3 பாருங்க, கவுண்ட் 6 வரைக்கும் ஏறி மூணு இறங்கி அதே 9, அதே 3. ரெண்டுலயும் n=9, ரெண்டுலயும் கவுண்ட் 3, ஆனா ஒண்ணுல 9 மூணே தடவை, இன்னொண்ணுல ஆறு தடவை. மூணுங்கறது 9-ல மூணுல ஒரு பங்கு, கணிசமாத்தான் தெரியும், ஆனாலும் அதை வெச்சு முடிவு சொல்ல முடியல பாருங்க.

அப்போ ரெண்டாவது பாஸை எந்தெந்த நேரத்துல விட்டுடலாம்?

மெஜாரிட்டி இருக்குனு ப்ராப்ளமே உறுதி சொன்னா விட்டுடலாம், அதை பாத்துட்டோம். அது இல்லாம இன்னும் ரெண்டு இடம் இருக்கு, ரெண்டும் முந்தின பதில்ல இருக்கிற எல்லைகள்லேர்ந்து நேரா வருது. கவுண்ட் 0-ல முடிஞ்சா எல்லா எலிமென்டும் ஜோடியா போயிடுச்சு, எந்த நம்பரும் பாதியை தாண்டியிருக்க முடியாது, அதனால எண்ணாமலே "மெஜாரிட்டி இல்ல"னு சொல்லிடலாம். கவுண்டே n/2-க்கு மேல நின்னா எண்ணாமலே "இருக்கு"னு சொல்லிடலாம்.

நடுவுல 1-லேர்ந்து n/2 வரைக்கும் எங்க நின்னாலும் எண்ணித்தான் ஆகணும். நிஜ டேட்டால பெரும்பாலும் இங்கதான் வந்து நிக்கும், அதனால நான் இந்த ஷார்ட்கட் ரெண்டையும் கோட்ல சேக்கறதில்ல, அதுக்கு ரெண்டு `if` எக்ஸ்ட்ரா எழுதி படிக்கிறவங்களை குழப்பறதை விட சும்மா எண்ணிடலாம். எண்ணும்போது பாதியை தாண்டின உடனே நிறுத்திக்கலாம், அது போதும்.

ஒரே பாஸ்ல கூட ஒண்ணு ரெண்டு வேரியபிள் வெச்சு, இல்ல வேற ஏதாவது தந்திரம் பண்ணி வெரிஃபை பண்ண முடியாதா?

இதை கேக்காதவங்க கிடையாது. ஒரு தடவை ஒரு பையன் முழு சாயங்காலமும் உட்கார்ந்து கேண்டிடேட் எத்தனை தடவை மாறுச்சுனு எண்ணி, கவுண்ட் எங்க அதிகபட்சம் போச்சுனு எண்ணி என்னென்னமோ பண்ணிப் பாத்தான். அவனுக்கு பேப்பர்ல எழுதிக் காட்டினது இந்த ரெண்டு அரே தான்: 1 1 2 2 3, அப்புறம் 3 3 1 3 1.

முதலாவது நமக்கு தெரிஞ்சது, 3-உம் கவுண்ட் 1-உம். ரெண்டாவதுல 3 வந்து 1, 3 வந்து 2, 1 வந்து 1, 3 வந்து 2, 1 வந்து 1, முடிவுல அதே 3, அதே 1. ரெண்டுக்கும் n=5. அல்காரிதம் கையில வெச்சிருக்கிறது மொத்தமும் அச்சு அசல் ஒண்ணு, ஆனா ஒண்ணுல 3 மெஜாரிட்டி, இன்னொண்ணுல இல்ல. கையில இருக்கிறது ஒண்ணாவே இருக்கும்போது அதை வெச்சு எந்த ஃபார்முலா போட்டாலும் ரெண்டுக்கும் ஒரே பதில்தான் வரும், அப்போ ஏதோ ஒண்ணுக்கு தப்பாத்தான் வரும்.

எக்ஸ்ட்ரா வேரியபிள் சேத்தா இந்த ஜோடி அரேவை பிரிச்சுடலாம், ஆனா வேற ஒரு ஜோடி மாட்டும். ஏன்னா கேண்டிடேட் மாறும்போது புதுசா வந்தது முன்னாடி எத்தனை தடவை வந்து அடிபட்டு போச்சுங்கறதை எங்கயாவது எழுதி வெச்சிருக்கணும், அதை எல்லா நம்பருக்கும் எழுதி வெச்சா அதுக்கு பேர்தான் ஹேஷ் மேப்.

என் டேட்டா ஸ்ட்ரீமா வருது, ரெண்டாவது தடவை படிக்கவே முடியாது, நான் என்ன பண்றது?

அப்போ பதிலை நேர்மையா சொல்லணும், "மெஜாரிட்டி இருந்தா அது இந்த வேல்யூ"னு மட்டும். கூடவே மேல சொன்ன c, (n+c)/2 ரெண்டையும் சேத்து கொடுத்தா வாங்கிக்கிறவங்களுக்கு கொஞ்சமாவது பிடிமானம் இருக்கும். ஃபங்ஷன் பேரைக் கூட `majority`-னு வைக்காம `majority_candidate`-னு வைங்க, ஆறு மாசம் கழிச்சு அதை கூப்பிடுறவர் உங்க மனசுல இருந்ததை படிக்க முடியாது.

டேட்டா பல மெஷின்ல பிரிஞ்சு இருந்தா நிலைமை நல்லாவே இருக்கு. ஒவ்வொரு மெஷினும் தன்னோட பங்குக்கு கேண்டிடேட்டும் கவுண்ட்டும் கொடுக்கட்டும், சேக்கும்போது ரெண்டு கேண்டிடேட்டும் ஒண்ணா இருந்தா கவுண்ட்டை கூட்டுங்க, வேறயா இருந்தா பெரிய கவுண்ட்லேர்ந்து சின்னதை கழிச்சு பெரியவரை வெச்சுக்கோங்க. அதே ஜோடி போடுற வேலைதான். அப்புறம் கடைசி கேண்டிடேட்டை எல்லா மெஷினுக்கும் அனுப்பி எண்ணச் சொல்லி கூட்டிக்கலாம்.

நான் கவுண்ட் 0 ஆனதும் அப்பவே அந்த எலிமென்டை கேண்டிடேட் ஆக்கி கவுண்ட் 1 போட்டுடறேன், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுது, இது சரியா?

ஆச்சரியமா இருக்கும், மெஜாரிட்டி இருந்தா கேண்டிடேட் சரியாவே வரும். ஆனா அந்த எலிமென்ட் ஒரு தடவை எதிராளியை வெளிய அனுப்பவும் பயன்பட்டு, இன்னொரு தடவை தனக்கு ஓட்டாவும் பயன்படுது, அதனால கவுண்ட் அதோட அர்த்தத்தை இழந்துடுது. 1 2-ங்கற அரேக்கு ஒழுங்கான கோட்ல கவுண்ட் 0-ல முடியும், உங்க கோட்ல கேண்டிடேட் 2, கவுண்ட் 1-னு முடியும். கவுண்ட் 0-வா இருந்தா மெஜாரிட்டி இல்லங்கற ஷார்ட்கட் உங்ககிட்ட வேலைக்கு ஆகாது, மேல சொன்ன எல்லைகளும் செல்லாது.

இதை கண்டுபிடிக்க சின்ன வழி ஒண்ணு இருக்கு. ஒழுங்கான கோட்ல ஒவ்வொரு எலிமென்டும் கவுண்ட்டை ஒண்ணு ஏத்தும் இல்ல ஒண்ணு இறக்கும், அதனால n இரட்டைப்படைனா கடைசி கவுண்ட்டும் இரட்டைப்படை, n ஒற்றைனா அதுவும் ஒற்றை. இது பொருந்தலன்னா லூப்ல எங்கயோ தப்பு.

வெரிஃபிகேஷன்ல `>=` போட்டா என்ன, ஒண்ணுதானே?

ஒண்ணு இல்ல. 4 4 6 6-க்கு கவுண்ட் 0-ல முடியும்போது வேரியபிள்ல இன்னும் பழைய 4 உக்காந்திருக்கும், அதை எண்ணினா 2, `2 >= 4 // 2` உண்மைனு வந்து மெஜாரிட்டியே இல்லாத இடத்துல 4-ஐ அறிவிச்சிடும். ஒற்றைப்படை n-ல இன்னும் மோசம், n=5-னா `5 // 2` 2 தான், ரெண்டே தடவை வந்தது கூட பாஸ் ஆயிடும். `>` மட்டும் போடுங்க, முழு எண் வகுத்தல்லயும் அது சரியாவே வரும்.

n/3-க்கு மேல வர்றதை கேட்டா இதையே வெச்சு பண்ணலாமா?

பண்ணலாம், லீட்கோட் 229 அதுதான். n/3-க்கு மேல அதிகபட்சம் ரெண்டு நம்பர்தான் வர முடியும், அதனால ரெண்டு கேண்டிடேட், ரெண்டு கவுண்ட், மூணு வேற வேற நம்பர் ஒண்ணா வெளிய போகும். இதை எந்த k-க்கும் பொதுவா மிஸ்ராவும் க்ரீஸும் 1982-ல எழுதினாங்க. இங்க ரெண்டாவது பாஸ் கண்டிப்பா வேணும், ஏன்னா 229-ல முன்னாடி மாதிரி உறுதி எதுவும் கொடுக்கல. 1 2 3 4 ஓட்டினா முதல் மூணும் சேந்து போயிடும், கடைசில 4 மட்டும் கவுண்ட் 1-ஓட நிக்கும், ஆனா அது வந்தது ஒரே தடவை.

இதுல வர்ற பெரிய தப்பு `if` வரிசை. கேண்டிடேட் ரெண்டுல எதோடயாவது ஒத்துப் போகுதானு *முதல்ல* பாக்கணும், அப்புறம்தான் எந்த கவுண்ட் 0-னு பாக்கணும். மாத்திப் போட்டீங்கன்னா 1 2 2 3 2-ல 3 வந்து முடிஞ்சதும் முதல் கவுண்ட் 0, ரெண்டாவது இடத்துல 2 கவுண்ட் 1-ஓட இருக்கும், அடுத்து வர்ற 2 காலியா இருக்கிற முதல் இடத்துல போய் உக்காந்துக்கும். இப்ப ரெண்டு இடத்துலயும் 2. வெரிஃபை பண்ணினா ரெண்டுமே பாஸ், அவுட்புட் `[2, 2]`-னு வரும். அவுட்புட்ல ஒரே நம்பர் ரெண்டு தடவை வந்துச்சுன்னா நேரா அந்த `if` வரிசையைப் போய் பாருங்க.